மாமாவோட கடனை வித்துட்டாங்க!

செமஸ்டர் முடிந்து ரொம்ப நாளாக எதுவும் எழுதவில்லை. எழுத வைத்தது என் மாமாவின் கிரெடிட் கார்டு. கொஞ்சம் நீளமான பதிவு, டீயோ காபியோ எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. திருப்பூரில் நாலு மிஷின் போட்டு காஜா பட்டன் ஜாப் ஒர்க் செய்கிறவர். 2025 மே மாதம் அவர் மகள் பிளஸ் டூ முடித்தாள். கல்விக் கடனுக்காக வங்கிக்குப் போனார்கள். மேனேஜர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பேர்ல ஒரு கம்பெனிக்கு ரெண்டு லட்சத்துச் சொச்சம் பாக்கி காட்டுதுங்களே" என்றாராம். அந்தக் கம்பெனியின் பெயரையே மாமா கேள்விப்பட்டதில்லை. வீட்டுக்கு வந்ததும் எனக்குப் போன். "ஏங்கண்ணு, நீ பி.காம் தானே படிக்கற? நான் கடன் வாங்குனது பேங்க்ல. இவன் யாரு நடுவால? இவனுக்கு நான் எதுக்குக் கட்டோணும்?"

இதைக் கேட்டதும் எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. நம் வகுப்பில் பத்துப் பேரிடம் கேட்டேன், எட்டுப் பேர் "கட்ட வேண்டாம், அவன்கூட அக்ரிமென்ட்டே இல்லையே" என்றார்கள். மெர்க்கன்டைல் லா பேப்பரில் நாம் எல்லோரும் பாஸ் என்பதை இங்கே நினைவுபடுத்திக்கொள்கிறேன் :-)

மூன்று மாதம் இந்த விஷயத்தின் பின்னால் அலைந்தேன். கட்டத்தான் வேண்டும் என்பதுதான் என் கருத்து இப்போது. ஆனால் அந்தக் கம்பெனி கேட்கும் தொகையை, கேட்கும் விதத்தில், கேட்ட உடனே கட்ட வேண்டியதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் நம்மைப் போன்ற குடும்பங்களின் பணம் காணாமல் போகிறது.

முதலில் ஊர் வழக்கத்திலிருந்து வருகிறேன். புரோநோட்டு மேடோவர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ராமசாமியிடம் நோட்டு எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கியிருப்போம், ராமசாமி அதன் பின்பக்கம் கையெழுத்துப் போட்டு கந்தசாமியிடம் கொடுத்துவிடுவார். அதன் பிறகு கந்தசாமிக்குத்தான் கட்ட வேண்டும். "உன்கிட்ட நான் வாங்கவே இல்லையே" என்று யாரும் கேட்பதில்லை. அப்படியானால் கடன் என்பது கொடுத்தவருக்கு ஒரு சொத்து, வீடு நிலம் மாதிரி அதையும் கைமாற்றலாம் என்பதை நம் தாத்தாக்கள் எப்போதோ ஒப்புக்கொண்டு விட்டார்கள். கிரெடிட் கார்டு என்றதும் நமக்கு மட்டும் அது அநியாயமாகத் தெரிகிறது.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 1882ஆம் வருடத்து சொத்து மாற்றுச் சட்டத்தின் 130ஆம் பிரிவு, அடமானம் இல்லாத கடனை எழுத்து மூலம் கையெழுத்துப் போட்டு இன்னொருவருக்கு மாற்றலாம் என்கிறது. கடனாளியின் சம்மதம் வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. வங்கிகளின் வாராக்கடன் என்று வரும்போது 2002இல் வந்த சர்பாசி சட்டம் இருக்கிறது. ரிசர்வ் வங்கியில் பதிவு செய்த சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்கள், சுருக்கமாக ஏ.ஆர்.சி., வங்கியிடமிருந்து கடன்களை வாங்கலாம், வாங்கிய நிமிடத்திலிருந்து அந்த ஏ.ஆர்.சி.தான் கடன் கொடுத்தவர் என்று அதன் 5ஆம் பிரிவு சொல்கிறது. வங்கிகள் தங்களுக்குள் வாராக்கடன்களை விற்றுக்கொண்டதை எதிர்த்து குஜராத் கம்பெனிகள் சில வழக்குப் போட்டு, அது 2010இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. வங்கிக்குக் கடன் என்பது ஒரு சொத்து, அதை மாற்றலாம், அதனால் கடனாளியின் உரிமை எதுவும் பாதிக்கப்படுவதில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் கான்ட்ராக்ட் லா பாடத்தின் பழைய கதைதான்: உரிமையை அடுத்தவருக்கு மாற்ற எதிராளியின் சம்மதம் வேண்டாம், கடமையை மாற்றத்தான் வேண்டும். மாமா தன் கடனை என் தலையில் கட்ட வங்கி சம்மதிக்க வேண்டும். வங்கி தன் வரவை விற்க மாமா சம்மதிக்கத் தேவையில்லை.

மாமாவின் இரண்டாவது வாதம் இன்னும் சுவாரசியமானது. "அந்த ரிப்போர்ட்லயே பேங்க்காரன் தள்ளுபடி பண்ணிட்டான்னு போட்டிருக்குது கண்ணு. தள்ளுபடி பண்ணுனதுக்கு அப்பறம் எப்படி விப்பான்?"

இதற்கு நம் தமிழைத்தான் குறை சொல்ல வேண்டும். விவசாயிக்கு அரசு செய்வதும் கடன் தள்ளுபடி. வங்கி தன் கணக்குப் புத்தகத்திலிருந்து நீக்குவதும் தள்ளுபடி. ஜவுளிக்கடையில் ஆடி மாதம் போடுவதும் தள்ளுபடி. மூன்றுக்கும் ஒரே வார்த்தை. முதலாவதில்தான் கடனே இல்லாமல் போகிறது. இரண்டாவது வெறும் கணக்குப் பதிவு: இந்தக் கடன் வராது என்று முழுத்தொகைக்கும் லாபத்திலிருந்து ஒதுக்கிவிட்டு, பேலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுகிறார்கள். பேட் டெட்ஸ் ரிட்டன் ஆஃப் என்று ஜர்னல் என்ட்ரி போட்டுப் பழகிய நமக்கே இது உறைப்பதில்லை. நாம் நோட்டில் அந்த என்ட்ரி போட்டதாலேயே கடன்காரர் விடுதலை ஆகிவிட்டாரா என்ன? பேட் டெட்ஸ் ரெகவர்ட் என்று அடுத்த பக்கத்திலேயே இன்னொரு என்ட்ரி இருக்கிறதே!

சரி, விற்கலாம். ஆனால் நிஜமாகவே விற்றிருக்கிறார்களா? முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். போன் செய்து மிரட்டும் பத்துப் பேரில் பெரும்பாலோர் கடனை வாங்கியவர்கள் இல்லை, வசூல் ஏஜென்ட்டுகள். கடன் இன்னமும் வங்கியுடையதே, இவர்கள் கமிஷனுக்கு வேலை செய்பவர்கள். இவர்களுக்கு நாம் எதுவும் கட்ட வேண்டியதில்லை, கட்டுவதாக இருந்தால் வங்கியின் கணக்கில்தான் கட்ட வேண்டும்.

மாமா வீட்டுக் கட்டில் அடியிலிருந்து ஒரு மஞ்சப்பை நிறைய கடிதாசு கொண்டுவந்து கொட்டினார். ஏஜென்ட் அனுப்பிய கடிதங்களில் எல்லாம் "வங்கியின் சார்பாக" என்று இருந்தது. கடைசியாக வந்த ஒன்றில் மட்டும் வேறு மாதிரி: இன்ன ஏ.ஆர்.சி., இன்ன டிரஸ்ட்டின் டிரஸ்டி என்ற முறையில், 28-12-2022 தேதியிட்ட ஒப்பந்தப்படி உங்கள் கடனைப் பெற்றுள்ளது என்று. இந்த டிரஸ்ட் சமாச்சாரம் மோசடி இல்லை. ஏ.ஆர்.சி.கள் வாங்கும் கடன் மூட்டை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டிரஸ்ட் வைப்பது வழக்கம். ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் பதிவு பெற்ற ஏ.ஆர்.சி.களின் பட்டியல் இருக்கிறது, முப்பது கூடத் தேறாது, ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பார்த்தேன், இருந்தது. கிரெடிட் ரிப்போர்ட்டிலும் பழைய வங்கியின் இடத்தில் இந்தப் பெயர்தான். விற்றது நிஜம்.

ஆனால் விற்ற செய்தியை மாமாவுக்கு யார் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை! வங்கி 2023 மார்ச்சில் ஒரு கடிதம் அனுப்பியதாம். அதை அனுப்பியது லாக்டவுன் சமயத்தில் மாமா காலி செய்துவிட்டுப் போன வாடகை வீட்டுக்கு. தபால் திரும்பிப் போயிருக்கிறது. அத்தோடு வங்கி கடமை முடிந்ததென்று விட்டுவிட்டது.

எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். சர்பாசி சட்டத்தின் 6ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். கடனை விற்ற வங்கி, தகுந்தது என்று நினைத்தால், கடனாளிக்கு அறிவிப்பு கொடுக்க"லாம்" என்று இருக்கிறது. கொடுக்க வேண்டும் என்று இல்லை. அறிவிப்பு வந்துவிட்டால் புதியவருக்குக் கட்ட வேண்டும், அப்படிக் கட்டியது முழு விடுதலை. அறிவிப்பு வராமல் பழைய வங்கியிலேயே கட்டிவிட்டால், அந்தப் பணத்தை வங்கி ஏ.ஆர்.சி.க்காகக் காப்பாற்றி வைத்து உடனே ஒப்படைக்க வேண்டும். படிக்கும்போது கடனாளிக்குப் பாதகம் ஒன்றுமில்லை போலத்தான் தெரியும். நடப்பில் என்ன ஆகிறது என்பதற்கு மாமாவே சாட்சி.

அவர் கதையை இப்போது தேதியோடு சொல்கிறேன். கார்டு பாக்கி 58,400 ரூபாய். ஒரு எக்ஸ்போர்ட் பார்ட்டி பணம் தராமல் இழுத்ததில் 2019 செப்டம்பர் 5ஆம் தேதி கட்ட வேண்டிய தவணையை விட்டார். அதற்கப்புறம் கொரோனா, மிஷின் எல்லாம் சும்மா கிடந்தது. 2023 ஜனவரி 19ஆம் தேதி கையில் கொஞ்சம் காசு வர, தானாகவே பழைய வங்கிக் கிளைக்குப் போய் சலானில் கையெழுத்துப் போட்டு 5,000 ரூபாய் கட்டினார். கவுன்டரில் வாங்கிக்கொண்டு சீல் குத்திக் கொடுத்தார்கள். கடன் விற்று மூன்று வாரம் ஆகியிருந்தது என்று அவர்களும் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரிந்திருக்காது.

ஏ.ஆர்.சி. அனுப்பிய கணக்கில் அந்த 5,000 இல்லவே இல்லை. மொத்த பாக்கி 2,36,000 என்று போட்டிருந்தார்கள்.

இன்னொன்றும் இருந்தது. 2019 ஜூனில் மாமா ஆன்லைனில் ஒரு மிஷின் பாகம் ஆர்டர் செய்தார், வரவே இல்லை. வங்கியிடம் புகார் கொடுத்து, 6,800 ரூபாயை உங்கள் கார்டில் வரவு வைக்கிறோம் என்று வங்கி மெயிலே அனுப்பியிருக்கிறது. ஆனால் வரவு வைக்கவில்லை. அந்த 6,800க்கும் ஆறு வருட வட்டி ஏறி நிற்கிறது, வாங்காத பொருளுக்கு!

இதை ஏ.ஆர்.சி. ஆபீசில் போனில் சொன்னபோது எதிர்முனையில் இருந்தவர் சொன்ன பதில்: "அதெல்லாம் உங்களுக்கும் பேங்க்குக்கும் உள்ள விஷயம் சார். நாங்க இந்தத் தொகைக்குத்தான் வாங்கியிருக்கோம்."

கேட்க நியாயம் போலத்தான் இருக்கும், ஆனால் சட்டப்படி சுத்தத் தவறு. நாம் படித்ததை இங்கே பொருத்திப் பாருங்கள். புரோநோட்டு, செக் இதெல்லாம் நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட். அதை நல்லெண்ணத்தோடு, விலை கொடுத்து, கெடுவுக்கு முன்னால் வாங்கினவர் ஹோல்டர் இன் டியூ கோர்ஸ். அவருக்கு முன்னால் இருந்தவரிடம் இருந்த கோளாறு அவரைப் பாதிக்காது. ஐந்து மார்க் கேள்வியாக எத்தனை தடவை எழுதியிருப்போம். ஆனால் கார்டு பாக்கி நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட் கிடையாது. அது வெறும் கடன். வெறும் கடனை வாங்குகிறவர், விற்றவருக்கு இருந்த உரிமையை மட்டும்தான் வாங்குகிறார். விற்ற தேதியில் விற்றவருக்கு எதிராகக் கடனாளி என்னவெல்லாம் சொல்லியிருக்கலாமோ, அதை எல்லாம் வாங்கியவருக்கு எதிராகவும் சொல்லலாம். சொத்து மாற்றுச் சட்டம் 132ஆம் பிரிவு இதற்குத்தான் இருக்கிறது. வாங்கியவருக்கு அந்த விஷயம் தெரியாது என்பது சாக்கு இல்லை என்று அந்தப் பிரிவின் உதாரணமே சொல்கிறது. இல்லாததை வங்கி விற்க முடியாதல்லவா? 6,800 ரூபாய் வங்கிக்கு வர வேண்டிய பணமே இல்லை என்றால் ஏ.ஆர்.சி.க்கும் இல்லை.

அந்த 5,000? அதற்கு 130ஆம் பிரிவிலேயே பதில் இருக்கிறது. கடன் கைமாறிய செய்தி கடனாளிக்குத் தெரிவதற்கு முன்னால், அவர் பழையவரோடு செய்த கொடுக்கல் வாங்கல் எல்லாம் புதியவருக்கு எதிராகவும் செல்லும். மாமா கட்டியது ஜனவரி 19. வங்கி கடிதம் எழுதியதே மார்ச். ஆக 5,000 கட்டியது கட்டியதுதான். அது வங்கியிடமே தங்கிவிட்டது என்றால் ஏ.ஆர்.சி. போய் வங்கியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு யோசனை வந்து, பெரிய வக்கீல் மாதிரி மாமாவிடம் சொன்னேன். "மாமா, கடைசியா விட்டது 2019. இப்ப 2025. மூணு வருஷம் தாண்டுனா கேஸ் போட முடியாது. விட்டுத் தள்ளுங்க." காலவரையறைச் சட்டப்படி இப்படிப்பட்ட கடனுக்கு வழக்குப் போட மூன்று வருடம். காலம் தாண்டிப் போட்டால், கடனாளி வாயே திறக்காவிட்டாலும் நீதிமன்றம் தள்ளுபடி செய்ய வேண்டும் (இது நாலாவது தள்ளுபடி!). கடன் கைமாறியதால் அந்தக் காலம் புதிதாக ஆரம்பிப்பதும் இல்லை. பழையவரின் மீதிக் காலம்தான் புதியவருக்கு.

சட்டக் கல்லூரியில் படிக்கும் சீனியர் அக்காவிடம் பெருமையாக இதைச் சொன்னேன். அக்கா கேட்டது ஒரே கேள்வி: "நடுவுல எதாவது கட்டுனாரா?"

அங்கேதான் மாட்டிக்கொண்டோம். காலம் முடிவதற்குள் ஒரு பகுதி கட்டி, அதற்குக் கடனாளியின் கையெழுத்து இருக்கிற எழுத்து ஆதாரமும் இருந்தால், கட்டிய நாளிலிருந்து மறுபடி மூன்று வருடம் என்கிறது அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. மாமா கையெழுத்துப் போட்ட சலான் இருக்கிறது. சரி, 2023 ஜனவரியில் காலம் முடிந்துவிட்டிருந்ததே, 2019 செப்டம்பரில் இருந்து எண்ணினால் 2022 செப்டம்பரிலேயே முடிந்ததே என்றேன். அக்கா சிரித்தார். கொரோனாவுக்காக 15-3-2020 முதல் 28-2-2022 வரையான நாட்களைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்தது. அந்த 716 நாளைக் கூட்டினால் மாமாவின் காலக்கெடு 2024 ஆகஸ்ட் வரை ஓடுகிறது. 2023 ஜனவரியில் கட்டியபோது கடன் உயிரோடுதான் இருந்திருக்கிறது. கட்டியதால் 2026 ஜனவரி வரை நீண்டுவிட்டது. மனசாட்சிக்காகக் கட்டிய 5,000 ரூபாய், மாமாவை மேலும் பதினேழு மாதம் கோர்ட்டுக்கு இழுக்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது.

இதனால் கட்டியிருக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வசூல்காரர்கள் "சும்மா ஒரு ரெண்டாயிரம் போடுங்க, ஃபைலை ஹோல்டு பண்ணி வைக்கறேன்" என்று ஏன் கெஞ்சுகிறார்கள் என்பது இப்போது எனக்குப் புரிகிறது. காலம் முடிந்துபோன கடனுக்கு வேறு ஒரு பொறி உண்டு. அதில் பகுதிப் பணம் கட்டினால் மட்டும் உயிர் வராது. ஆனால் "இந்தத் தொகையைக் கட்டுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், ஒப்பந்தச் சட்டம் 25ஆம் பிரிவுப்படி அது புதிய வாக்குறுதி, அதை வைத்து வழக்குப் போடலாம். தவணை முறை செட்டில்மென்ட் என்று நீட்டும் தாளில் தேதி பார்க்காமல் கையெழுத்துப் போடுவது அதனால்தான் ஆபத்து.

இனி விலை விஷயத்துக்கு வருகிறேன். நண்பர்கள் அதிகம் சண்டை போட்டது இதில்தான். "அவன் கால்வாசிக்கும் கீழதானே வாங்கியிருப்பான். முழுசா எதுக்குக் கொடுக்கணும்? அவன் கொடுத்ததை மட்டும் கொடுப்போம்."

இந்த எண்ணம் கிறுக்குத்தனமில்லை, இதற்கு ஆயிரத்து ஐந்நூறு வருடப் பாரம்பரியம் இருக்கிறது. கி.பி. 506இல் ரோமப் பேரரசர் அனஸ்டேசியஸ், மலிவு விலைக்குக் கடனை வாங்கியவர் தான் கொடுத்த விலைக்கும் வட்டிக்கும் மேல் வசூலிக்கக் கூடாது என்று சட்டம் போட்டார். பிரான்சில் வழக்கில் இருக்கும் உரிமைகளுக்கு இன்னமும் அந்த வழி இருக்கிறது. அதைவிட ஆச்சரியம், நம் நாட்டிலேயே இருந்தது! சொத்து மாற்றுச் சட்டம் 1882இல் வந்தபோது அதன் 135ஆம் பிரிவு, சில விலக்குகள் போக, கடனாளி வாங்கினவருக்கு அவர் கொடுத்த விலை, செலவு, வட்டி இவற்றைக் கொடுத்தால் போதும், கடன் தீர்ந்தது என்றுதான் சொன்னது. 1900இல் அந்த அத்தியாயத்தையே மாற்றி எழுதியபோது எடுத்துவிட்டார்கள். நூலகத்தில் பழைய உரை நூலில் இதைப் பார்த்ததும் துள்ளிக் குதிக்காத குறை. இதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று ஒரு காரசாரமான பதிவே எழுத ஆரம்பித்துவிட்டேன்.

இரண்டு நாள் யோசித்ததில் அந்தப் பதிவைக் கிழித்துப் போட்டேன். காரணம் கணக்கு. ஒரு ஏ.ஆர்.சி. ஆயிரக்கணக்கான கார்டு பாக்கிகளை ஒரே மூட்டையாக வாங்குகிறது. அதில் முக்கால்வாசிப் பேர் ஒரு பைசா தர மாட்டார்கள் என்று தெரிந்துதான் விலை குறைகிறது. உதாரணத்துக்கு நூறு பேர், ஆளுக்கு ஒரு லட்சம், மொத்தம் ஒரு கோடி. பத்து லட்சத்துக்கு வாங்குகிறார்கள் என்று வையுங்கள். ஆளுக்குப் பத்தாயிரம் ஆகிறது. கட்டக்கூடிய இருபது பேரும் "என் விலை பத்தாயிரம்தானே" என்று கொடுத்தால் வசூல் இரண்டு லட்சம், நஷ்டம் எட்டு லட்சம். பிறகு எவனும் வாங்க மாட்டான். வாங்க ஆள் இல்லை என்றால் வங்கிக்கு வருவதும் குறையும், அந்தச் சுமை ஒழுங்காகக் கட்டுகிறவர் வட்டியில்தான் ஏறும். மாமா வாங்கியது 58,400 ரூபாய்க்குச் சாமான். அது இப்போது யார் கையில் எந்த விலைக்குப் போனது என்பதால் அவர் வாங்கியது குறைந்துவிடாது. காய்கறிக்காரர் மார்க்கெட்டில் என்ன விலைக்கு எடுத்தார் என்று கேட்டு அந்த விலைக்கே நாம் கத்தரிக்காய் வாங்குவதில்லையே.

ஆனால் பேரம் பேசுவதற்கு அந்த விவரம் பயன்படும். அதனால் என் கோரிக்கை விலையைப் பற்றியது இல்லை, அறிவிப்பைப் பற்றியது. கொடுக்கலாம் என்பதைக் கொடுக்க வேண்டும் என்று மாற்றட்டும். பதிவுத் தபாலில், போனில், மெயிலில், கிடைக்கிற எல்லா வழியிலும். விற்ற தேதி, விற்ற அன்று அசல் எவ்வளவு வட்டி எவ்வளவு, நிலுவையில் உள்ள புகார்கள், கடைசியாகக் கட்டிய தேதி, புதியவரின் பெயர், கணக்கு எண். ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அந்த ஒரு பக்கம் கையில் வராதவரை புதியவரின் வட்டி ஓடக் கூடாது என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், வங்கியை ஏ.ஆர்.சி.யே துரத்தித் துரத்தி அறிவிப்பு அனுப்ப வைக்கும். கமிஷன் ஏஜென்ட் ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கள் அம்மிச்சிக்குப் போன் போட்டு "உம் பையன் எங்க" என்று கத்துகிறான். அழைப்பது காலை எட்டிலிருந்து இரவு ஏழுக்குள் என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் ஏ.ஆர்.சி.களையும் சேர்த்தே சொன்னது தனிக்கதை. கடிதத்துக்கு வக்கில்லாத கம்பெனிக்குப் போனுக்கு மட்டும் எப்படி நம்பர் கிடைக்கிறது?

கடைசியில் என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன். பதிவுத் தபாலில் ஏ.ஆர்.சி.க்கு ஒரு கடிதம், நகல் வங்கிக்கு. கடன் இல்லை என்று சொல்லவில்லை, ஆமாம் இவ்வளவு தர வேண்டும் என்றும் ஒப்புக்கொண்டு எழுதவில்லை. அக்கா சொன்னபடி, மாமாவின் கணக்கு இடம் பெற்ற ஒப்பந்தப் பக்கம், வங்கியின் அறிவிப்பு நகல், முதல் நாளிலிருந்து ஸ்டேட்மென்ட் இந்த மூன்றையும் கேட்டோம். சலான் நகலும் வங்கியின் மெயிலும் இணைத்தோம். முதலில் பதில் இல்லை. அவர்களின் குறைதீர் அதிகாரிக்கு இரண்டாவது கடிதம் போன பிறகு, இருபது நாளில் புது ஸ்டேட்மென்ட் வந்தது. 5,000 வரவு, 6,800 கழிவு, அதன் மேல் ஏறிய வட்டியும் கழிவு. பேசிப் பேசி 82,000க்கு ஒரே தவணையில் முடிக்கச் சம்மதித்தார்கள். பணம் கட்டுவதற்கு முன்னால், கணக்கு எண் போட்டு, இத்தொகையோடு முழுதும் தீர்ந்தது என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கினோம். ஏஜென்ட் தன் சொந்த யு.பி.ஐ. நம்பரைக் கொடுத்தார், வேண்டாம் என்று டிரஸ்ட்டின் வங்கிக் கணக்குக்கே அனுப்பினோம். அத்தையின் ஒரு ஜோடி வளையல் அதில் போனது.

ரிப்போர்ட்டில் இப்போது "செட்டில்ட்" என்று வந்திருக்கிறது. "குளோஸ்ட்" என்று வராது, முழுத்தொகை கட்டியவர்களுக்குத்தான் அது. மேனேஜர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, மாமாவுக்குப் பதில் அத்தையைக் கூட்டுக் கடனாளியாகப் போடச் சொல்லியிருக்கிறார். விண்ணப்பம் உள்ளே இருக்கிறது. கல்லூரியில் முதல் தவணைக்குக் கடைசித் தேதி நெருங்குகிறது. மாமா மஞ்சப்பையில் இருந்த பழைய கடிதங்களை எரிக்கப் போனார், நான்தான் பிடுங்கி வைத்திருக்கிறேன்.

டிஸ்கி: மாமாவிடம் கேட்டுத்தான் எழுதினேன். வங்கி, கம்பெனி பெயர்களைப் பின்னூட்டத்தில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். வீட்டுக்கடன், நகைக்கடன் மாதிரி அடமானம் வைத்த கடன்களுக்கு நிலைமை வேறு. அதில் ஏ.ஆர்.சி. கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தின் மேல் கை வைக்கலாம். நோட்டீஸ் வந்தால் என்னைத் தேடாமல் நேரே வக்கீலைத் தேடுங்கள்.